ஒரே வாரத்தில் முதிரும் இரண்டு பத்திரங்கள்

மத்திய அரசின் கடன் பத்திரங்களுக்குப் பெயர் வைக்கும் முறை எளிமையானது. முதலில் வட்டி விகிதம், நடுவில் அரசுப் பத்திரம் என்பதைச் சொல்லும் இரண்டு எழுத்து, கடைசியில் முதல் திரும்பி வரும் ஆண்டு. 8.97% GS 2030 என்பது ஒரு பத்திரம். 5.85% GS 2030 என்பது இன்னொன்று. முதலாவது 2030 டிசம்பர் 5 அன்று முதிர்கிறது. இரண்டாவது அதற்கு நான்கு நாள் முன்பாக, டிசம்பர் 1 அன்று. இரண்டையும் வெளியிட்டது ஒரே அரசு. இரண்டுக்கும் பணம் வரப்போவது ஒரே கஜானாவிலிருந்து. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் திட்டத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் ₹10,000 முகமதிப்பு முதல் இத்தகைய பத்திரங்களை நேரடியாக வாங்கலாம்.

பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஏறக்குறைய ஒன்பது கிடைக்கும் இடத்தில், ஆறுகூடத் தராததை யார் வாங்குவார்? ஆனால் 5.85-ஐயும் வாங்குகிறார்கள், அதுவும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும், பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பவர்கள். அவர்கள் பார்க்கும் எண் பெயரில் இல்லை.

பெயரில் இருப்பது கூப்பன். பத்திரங்கள் காகிதமாக இருந்த காலத்தில் அதன் ஓரத்தில் சின்னச் சின்னச் சீட்டுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தேதி, ஒரு தொகை. தேதி வந்ததும் கத்தரிக்கோலால் அந்தச் சீட்டை வெட்டிக் கொடுத்து வட்டியை வாங்கிக்கொள்வார்கள். சீட்டு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. இன்று அந்தத் தொகை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் தானாக வரவாகிறது. ஆனால் கத்தரிக்கோல் காலத்தில் இருந்த ஒரு விஷயம் அப்படியே இருக்கிறது: சீட்டில் என்ன தொகை அச்சானதோ அதுதான் கடைசி வரை. சந்தையில் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது.

அதனால் கூப்பன் என்பது பத்திரம் பிறந்த நாளின் வானிலைக் குறிப்பு. 8.97% பத்திரம் பிறந்தது 2011 டிசம்பரில். பணவீக்கத்தை அடக்குவதற்காக ரிசர்வ் வங்கி 2010 மார்ச் முதல் 2011 அக்டோபர் வரை 13 முறை வட்டியை உயர்த்தி, ரெப்போ விகிதத்தை 8.5 சதவீதத்தில் நிறுத்தியிருந்த நேரம் அது. அப்போது அரசுக்கே ஏறக்குறைய ஒன்பது சதவீதத்துக்குத்தான் நீண்டகாலக் கடன் கிடைத்தது. 5.85% பத்திரம் பிறந்தது 2020 டிசம்பரில், கொரோனா ஆண்டில். ரெப்போ விகிதம் 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஒன்பது வருட இடைவெளியில் அரசின் நாணயம் மாறிவிடவில்லை. பணத்தின் விலை மாறியிருந்தது.

இப்போது 2025 டிசம்பரில், இரண்டுக்கும் ஏறக்குறைய ஐந்து வருடம் மிச்சமிருக்கும் நாளில், இவற்றை விலை பேசுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வருட அரசுக் கடனுக்கு 6.5 சதவீதம் நியாயமான வருவாய் என்று சந்தை நினைக்கிறது என்பது நம் கணக்குக்கான ஒரு ஊகம். 8.97% பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை ₹100-க்கு விடமாட்டார். மற்றவர்களுக்கு ஆறரை கிடைக்கும்போது தனக்கு ஏறக்குறைய ஒன்பது வருகிறதே, அந்த உபரிக்கு விலை கேட்பார். 5.85% வைத்திருப்பவரிடம் யாரும் ₹100 கொடுத்து வாங்க மாட்டார்கள். அவர் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். இந்தப் பேரம் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டால், ₹100 முகமதிப்புக்கு முதலாவதின் விலை ₹110.40, இரண்டாவதின் விலை ₹97.26. இந்த விலைகளில் வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் இரண்டும் தருவது ஒரே 6.5 சதவீதம். அதுதான் முதிர்வு வரையிலான வருவாய். சந்தைக்காரர்கள் வாயில் ஒய்.டி.எம்.

இந்த 6.5 எங்கிருந்து வருகிறது? பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு நீண்ட சமன்பாடு இருக்கும். அதைவிட எளிதான வழி, பத்திரத்தை ஒரு சேமிப்புக் கணக்காகப் பார்ப்பது.

8.97% பத்திரத்தில் ₹10,000 முகமதிப்பு வாங்க ₹11,040 வேண்டும். அந்தப் பணத்தை, ஆறு மாதத்துக்கு 3.25 சதவீதம் வட்டி தரும் ஒரு கணக்கில் போட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாத முடிவில் ₹359 வட்டி சேர்கிறது. ஆனால் கூப்பனாக வெளியே போவது ₹448.50. ஆக, வட்டி போதாமல் முதலிலிருந்தும் ஏறக்குறைய ₹90 எடுக்கப்படுகிறது. மீதி ₹10,950. அடுத்த ஆறு மாதம் இந்தக் குறைந்த தொகைக்கு வட்டி ₹356, மறுபடி ₹448.50 வெளியே, மீதி ₹10,858. இப்படிப் பத்து முறை எடுத்து முடிக்கும்போது கணக்கில் சரியாக ₹10,000 மிச்சமிருக்கும். அரசு கடைசி நாளில் தருவதும் அதே ₹10,000.

5.85% பத்திரத்தில் இது தலைகீழாக நடக்கிறது. போட்டது ₹9,726. முதல் ஆறு மாதத்துக்கு அதே 3.25 சதவீதத்தில் சேரும் வட்டி ₹316. கூப்பனாக எடுப்பது ₹292.50 மட்டுமே. எடுக்காத ₹23.60 கணக்கிலேயே தங்கி முதலோடு சேர்கிறது, மீதி ₹9,750. பத்தாவது முறை எடுத்த பிறகு இதுவும் ₹10,000-இல் வந்து நிற்கிறது. ஒரு கணக்கு மேலிருந்து பத்தாயிரத்துக்கு இறங்குகிறது, இன்னொன்று கீழிருந்து ஏறுகிறது. இரண்டிலும் ஓடுவது ஒரே வட்டி விகிதம். அந்த விகிதத்துக்குப் பெயர்தான் ஒய்.டி.எம்.

வேறு வேறு விலையில் வாங்கும் பத்திரங்களை ஒப்பிட வேறு குறுக்குவழிகளும் புழங்குகின்றன. அவற்றில் அதிகம் ஏமாற்றுவது நடப்பு வருவாய். ஒரு வருடக் கூப்பனை விலையால் வகுப்பது. 8.97-ஐ 110.40-ஆல் வகுத்தால் 8.1 சதவீதம், 5.85-ஐ 97.26-ஆல் வகுத்தால் 6 சதவீதம். கணக்கு தவறில்லை, ஆனால் பாதிக் கணக்கு. ₹110.40 கொடுத்தவருக்கு ஐந்து வருடம் கழித்து ₹100-தான் திரும்ப வரும் என்பது அந்த 8.1-க்குத் தெரியாது. பிரீமியத்தில் விற்கும் பத்திரத்தை ‘எட்டு சதவீதத்துக்கு மேல் வருமானம்’ என்று ஒருவர் விற்க முன்வந்தால், அவர் சொல்வது பெரும்பாலும் இந்த எண்ணாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் விவரமானவர்கள் மொத்த லாபத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். 8.97-இல் ஐந்து வருடக் கூப்பன் ₹4,485; முதலில் இழப்பு ₹1,040; நிகர லாபம் ₹3,445. போட்ட பணத்தில் 31.2 சதவீதம். 5.85-இல் கூப்பன் ₹2,925. முதலில் லாபம் ₹274. மொத்தம் ₹3,199, அதாவது 32.9 சதவீதம். அப்படியானால் 5.85-தான் மேல் என்று தோன்றும். அதுவும் சரியில்லை. 8.97% பத்திரம் பணத்தை முன்கூட்டியே, பெரிய பெரிய தவணைகளாகக் கையில் கொடுத்துவிடுகிறது. முன்னால் வரும் ரூபாய்க்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதை மறுபடி வட்டிக்கு விடலாம். எப்போது எவ்வளவு வருகிறது என்பதையும் சேர்த்து எடைபோடுவதால்தான் ஒய்.டி.எம். இந்த இரண்டு குறுக்குவழிகளையும்விட நம்பத் தகுந்தது.

சரியான எண்ணைக் கண்டுபிடிக்க இன்று யாரும் கையால் கணக்குப் போட வேண்டியதில்லை. விரிதாளில் ஒரே வரி போதும்:

```
=YIELD(DATE(2025,12,5),DATE(2030,12,5),8.97%,110.40,100,2,0)
```

வாங்கும் தேதி, முதிரும் தேதி, கூப்பன், ₹100-க்கான விலை, திரும்ப வரும் தொகை, வருடத்துக்கு எத்தனை கூப்பன், கடைசியாக நாள் எண்ணும் முறை. இந்திய அரசுப் பத்திரங்களில் மாதத்துக்கு 30 நாள், வருடத்துக்கு 360 நாள் என்று எண்ணுவது வழக்கம். அதற்குத்தான் கடைசியில் உள்ள பூஜ்யம். விடை 6.5 சதவீதம்.

தொலைபேசியில் தரகர் விலை சொல்லும்போது மனக்கணக்காகவும் கிட்டத்தட்ட இதைப் பிடித்துவிடலாம். முதலில் வரும் லாபத்தையோ நஷ்டத்தையோ மீதி வருடங்களால் வகுத்துக் கூப்பனோடு கூட்டவோ கழிக்கவோ வேண்டும். பிறகு அதை விலைக்கும் 100-க்கும் நடுவிலுள்ள எண்ணால் வகுக்க வேண்டும். 8.97-க்கு: ஐந்து வருடத்தில் ₹10.40 போகிறது, வருடத்துக்கு 2.08. 8.97-இல் அதைக் கழித்தால் 6.89. அதை 105.20-ஆல் வகுத்தால் 6.55. 5.85-க்கு இதே வழியில் 6.49 வருகிறது. உண்மையான 6.5-லிருந்து 0.05 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகவில்லை. முதிர்வுக்குப் பல பத்தாண்டுகள் இருக்கும் பத்திரத்துக்கோ, விலை 100-லிருந்து வெகுதூரம் விலகிய பத்திரத்துக்கோ இந்தக் கணக்கை நம்பக் கூடாது.

விலையில் ஒரு ரூபாய் கூடினால் என்ன ஆகும் என்பதையும் கைவசம் வைத்திருப்பது நல்லது. இந்த ஐந்து வருட 8.97% பத்திரத்தில் ஒரு ரூபாய் ஏற்றம் வருவாயில் ஏறக்குறைய 0.22 சதவீதப் புள்ளியைத் தின்றுவிடும். ₹111.30 கேட்கிறார்கள் என்றால் வருவாய் 6.3-ஆக இறங்கிவிட்டது. சிறு முதலீட்டாளருக்கு இது முக்கியம். அரசுப் பத்திரச் சந்தையில் வழக்கமான ஒரு பேரமே ₹5 கோடி. அதற்குக் கீழ் உள்ளவை சில்லறைப் பேரங்கள். 2011-ஆம் வருடத்துப் பழைய பத்திரங்கள் அங்கே தினமும் கைமாறுவதில்லை. விற்பவர் ஒருவர்தான் என்றால் அவர் சொல்வதுதான் விலை. ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துப் பத்திரங்களின் ஒய்.டி.எம். விலகி நிற்பதைப் பார்த்தால், அது அதிர்ஷ்டமா அல்லது யாரும் வாங்காத பொருளா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது இன்னொரு தொகையும் சேரும். கடந்த கூப்பன் தேதியிலிருந்து வாங்கும் நாள் வரை சேர்ந்த வட்டி விற்பவருக்குச் சொந்தம். 5.85% பத்திரத்தை மார்ச் 1 அன்று வாங்கினால், திரையில் காட்டும் விலைக்கு மேல் ₹100-க்கு ₹1.46 சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஜூன் 1 கூப்பனில் அது திரும்பி வந்துவிடும். இதைக் கட்டணம் என்று நினைத்துப் பதறுபவர்கள் உண்டு. ஒய்.டி.எம். கணக்கு இதையும் உள்ளடக்கியே போடப்படுகிறது.

இவ்வளவு நம்பகமான எண்ணுக்குள்ளும் சில ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வரும் கூப்பனையெல்லாம் அதே 6.5 சதவீதத்தில் மறுபடி முதலீடு செய்தால்தான் ஐந்து வருட முடிவில் போட்ட மொத்தப் பணமும் 6.5 சதவீதத்தில் வளர்ந்திருக்கும். கூப்பன்களை 5 சதவீதத்தில்தான் போட முடிந்தது என்றால் 8.97% பத்திரக்காரருக்கு உண்மையில் கிடைப்பது 6.26, 5.85% பத்திரக்காரருக்கு 6.32. கூப்பன் வட்டி இல்லாமல் சும்மா கிடந்தால் முன்னவருக்கு 5.51, பின்னவருக்கு 5.77. பெரிய கூப்பன் உள்ள பத்திரத்தில்தான் மறுமுதலீட்டின் பாரம் அதிகம். வட்டி இறங்கும் காலத்தில் இது வலிக்கும். ஏறும் காலத்தில் இதுவே சாதகம்.

இரண்டாவது ஊகம், எல்லாப் பணமும் சொன்ன தேதியில் வரும் என்பது. இந்திய அரசின் ரூபாய்ப் பத்திரத்தில் இதைப் பற்றி யாரும் தூக்கம் தொலைப்பதில்லை. ஆனால் இலங்கை அரசு டாலரில் வெளியிட்ட 5.875% பத்திரம், 100 கோடி டாலர், 2022 ஜூலை 25 அன்று முதிர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஜூலை வந்தது, பணம் வரவில்லை. இப்படித் தடுமாறும் பத்திரம் ஒன்றை ₹60-க்கு வாங்கி, மூன்றே மாதத்தில் ₹100 வரும் என்று வைத்து ஒய்.டி.எம். போட்டால் எண் நூறு சதவீதத்தையும் தாண்டி எங்கோ போய் நிற்கும். சூத்திரத்துக்கு நாணயம் தெரியாது. தேதியும் தொகையும்தான் தெரியும். ஆகவே ஒய்.டி.எம்.மை வைத்து ஒப்பிடுவதென்றால், கடன் வாங்கியவரும் முதிர்வுக் காலமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நம் இரண்டு பத்திரங்கள் அந்த வகையில் அபூர்வமான ஜோடி. தனியார் நிறுவனப் பத்திரம் ஒன்று 11 சதவீதம் காட்டினால், அதை இந்த 6.5-க்குப் பக்கத்தில் வைப்பது ஒப்பீடே ஆகாது.

இந்த ஜோடியிலும் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் விடை மாறும். காரணம் வருமான வரி.

வரித்துறை மேலே சொன்ன சேமிப்புக் கணக்கு உருவகத்தை ஏற்பதில்லை. 8.97% பத்திரத்தின் முதல் கூப்பனில் ₹359 மட்டுமே உண்மையான வட்டி, மீதி ₹90 தன் சொந்த முதல் திரும்புவது என்று நாம் பார்த்தோம். வரியோ ₹448.50 முழுவதற்கும் அவரவர் வரி விகிதப்படி விழும். முதிர்வில் வரும் ₹1,040 இழப்பைக் கூப்பன் வருமானத்தில் கழிக்க முடியாது. வேறு நீண்டகால மூலதன ஆதாயம் இருந்தால் அதில்தான் கழிக்கலாம். 5.85-இல் கூப்பன் சிறியது, அதனால் அதன் மேல் விழும் வரியும் சிறியது. விலையில் கிடைக்கும் ₹274 லாபம், பட்டியலிடப்பட்ட பத்திரத்தை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால், 2024 ஜூலைக்குப் பிந்தைய விதிப்படி 12.5 சதவீத வரியோடு போய்விடும். 30 சதவீத வரி கட்டும் ஒருவருக்கு, செஸ் போன்றவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், வரிக்குப் பின் 8.97% பத்திரம் தருவது ஏறக்குறைய 4 சதவீதம், 5.85% தருவது 4.65. திரையில் இரண்டும் 6.5 என்று ஒரே மாதிரி காட்டியவைதான். பெயரில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியவர் முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஒவ்வொரு வருடமும் இழக்கிறார்.

வரி வரம்புக்குள் வருமானம் இருக்கும் ஓய்வூதியர் ஒருவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜூனிலும் டிசம்பரிலும் கைக்குப் பணம் வந்தால் போதும் என்பவருக்கு 8.97% பத்திரம் வசதியாகவே இருக்கும். அவருக்கு வேறொரு கவனம் தேவை. ₹448.50 முழுவதையும் வட்டி என்று எண்ணிச் செலவு செய்தால், ஐந்து வருடம் கழித்து ₹11,040 போட்டவர் கையில் ₹10,000-தான் இருக்கும். ஒவ்வொரு கூப்பனிலும் முதல் தடவை ₹90, பிறகு ஒவ்வொரு முறையும் அதைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்து வைத்து வந்தால் முதல் குறையாது. 5.85% வாங்கியவருக்கு அந்த வேலையைப் பத்திரமே செய்து வைக்கிறது, அவர் 292.50 வந்தால் 292.50-ஐயும் செலவழிக்கலாம், போட்ட ₹9,726 குறைவில்லாமல் பத்தாயிரமாகத் திரும்பி வரும்.